ஃபீல்டு ஆபீசர் வேலை: எந்தக் கிளை, யாருடைய லைன்?

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்கு 23 வயது. பி.காம். முடித்துவிட்டு வண்ணார்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையில் நிற்கிறேன், 12,000 ரூபாய் சம்பளம். வீடு பேட்டையில். இப்போது இரண்டு மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனிகளில் ஃபீல்டு ஆபீசர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று அம்பாசமுத்திரம் கிளை: ஃபிக்ஸட் 17,000, பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு 3 ரூபாய், இன்சென்டிவ் 4,000 வரை. இன்னொன்று வள்ளியூர் கிளை: ஃபிக்ஸட் 13,500, பெட்ரோலுக்கு மாதம் 2,500, இன்சென்டிவ் 12,000 வரை. மாசம் 28,000 எடுக்கலாம்னு சொல்லுதாங்க. தங்க ரூம் இரண்டு பேருமே தருகிறார்கள். அப்பா வள்ளியூருக்குப் போ என்கிறார். வசூல் வேலை தலைவலி என்று கூட்டாளிகள் பயமுறுத்துகிறார்கள். எதில் சேரட்டும்?
— வாசகர், பேட்டை

தம்பி, நீங்கள் எழுதியிருக்கும் தொகைகளை மட்டும் வைத்துச் சொன்னால் அம்பாசமுத்திரம்தான். ஆனால் அங்கேயும் இன்றைக்கே சரி என்று சொல்லிவிடாதீர்கள். இந்த வேலையில் மாதக் கடைசியில் கைக்கு என்ன வரும் என்பதைத் தீர்மானிக்கும் பெரிய விஷயம் ஆஃபர் லெட்டரில் இருக்காது. அது உங்களிடம் ஒப்படைக்கப்போகும் லைன், அதாவது நீங்கள் தவணை வசூலிக்கப்போகும் ஊர்களும் கணக்குகளும். உங்களுக்கு முன்னால் ஒருவர் அந்த லைனைப் பார்த்துக்கொண்டிருந்தார், விட்டுவிட்டுப் போனார், அதனால்தான் இடம் காலியாக இருக்கிறது. தவணை கட்டப் பெண்கள் கூடும் அவருடைய சென்டர்கள், அவர் கடன் கொடுத்த பெண்கள், அவர் காலத்தில் தவறிய தவணைகள் எல்லாம் முதல் நாளே உங்கள் பெயருக்கு மாறிவிடும். தெற்கு மாவட்டங்களில் கிளை மேலாளராகவும் ஏரியா மேலாளராகவும் பல வருஷம் இருந்தவன் நான். ஒரே கிளை, ஒரே சம்பளத் திட்டம், ஒரே நாளில் சேர்ந்த இரண்டு பையன்கள். ஒருவன் மூன்றாவது மாதமே இன்சென்டிவ் வாங்குவான், இன்னொருவன் ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போவான். பெரும்பாலும் லைன்தான் காரணம், ஆளின் திறமை அதற்கு அப்புறம்தான்.

லைனுக்கு வருவதற்கு முன் பணக் கணக்கை முடித்துவிடுவோம்.

28,000 என்கிறார்களே, அதில் 2,500 பெட்ரோல். அது சம்பளம் கிடையாது, கம்பெனி வேலைக்காக நீங்கள் செலவழிப்பதைத் திருப்பித் தருவது. அதைக் கழித்தால் 25,500. அதில் நிச்சயமானது 13,500, அதாவது பாதிக்குக் கொஞ்சம் மேலே. அம்பாசமுத்திரத்தில் 21,000-இல் 17,000 நிச்சயம், ஐந்தில் நாலு பங்கு. சொல்லும் தொகையில் நாலில் மூன்று பங்காவது ஃபிக்ஸடாக இல்லாத ஃபீல்டு வேலையை, முதல் முறையாக இந்தத் துறைக்கு வருகிற யாருக்கும் நான் சிபாரிசு செய்வதில்லை.

இரண்டு இடத்திலும் ஒன்று கேளுங்கள்: இந்த ஃபிக்ஸட் தொகை சிடிசியா, கிராஸா? சிடிசி என்றால் கம்பெனி தன் பங்குக்குக் கட்டும் பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடும். 17,000 சிடிசி என்றால் கிராஸ் 15,000 பக்கம்தான் வரும். அதற்குப் பிறகு உங்கள் பங்கு பிஎஃப், பேசிக்கில் 12 சதவீதம், பிடிப்பார்கள். இஎஸ்ஐ 0.75 சதவீதம் பிடிப்பார்கள். எச்.ஆர். என்னதான் விளக்கினாலும் கடைசியில், “சார், போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு பேங்கில் எவ்வளவு விழுந்தது?” என்று கேட்டுவிடுங்கள். நீங்கள் சொன்னது கிராஸ் என்றே வைத்துக்கொள்வோம். பிடித்தம் போக அம்பாசமுத்திரத்தில் சுமார் 15,800, வள்ளியூரில் சுமார் 12,500 கையில் வரும்.

இப்போது வண்டி. இந்த வேலையில் புதிதாகச் சேர்பவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

வள்ளியூர் கிளை என்றால் பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம், திசையன்விளை என்று நாலாபக்கமும் விரிந்த பகுதி. ஊர்களுக்கு நடுவே தேரியும் காற்றாலையும் கிடக்கும், ஒரு சென்டரை முடித்து அடுத்த சென்டருக்குப் போவதே ஒரு பயணம். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர் என்று வைத்தால் 25 நாளைக்கு 2,000 கிலோமீட்டர். நின்று நின்று ஓட்டும் வண்டி லிட்டருக்கு 45 கொடுத்தாலே நல்ல வண்டி. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை எதிர்த்து ஓட்டும்போது அதுவும் கிடைக்காது. பெட்ரோலை 102 ரூபாய் என்று போட்டால் மாதம் 4,500-ஐத் தாண்டும். ஆயில், பிரேக் ஷூ, செயின், டயர் எல்லாவற்றையும் மாதக் கணக்கில் பிரித்துப் போட்டால் இன்னொரு 1,200. ஆக 5,700. கம்பெனி தருவது 2,500. மாதம் 3,200 ரூபாய் உங்கள் பையிலிருந்து போகிறது.

அம்பாசமுத்திரம் பக்கம் ஆற்றோரமாக ஊர்கள் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம், கொஞ்சம் தள்ளிப்போனால் பாப்பாக்குடி, முக்கூடல். நாளைக்கு 45 கிலோமீட்டர் என்றால் மாதம் 1,125. பெட்ரோல் 2,550, வண்டிப் பராமரிப்பு 700, ஆக 3,250. கிலோமீட்டருக்கு 3 ரூபாய் என்றால் 3,375 வருமே, மிச்சம்தானே என்று தோன்றும். அங்கேதான் ஒரு சங்கதி இருக்கிறது. பல கம்பெனிகளில் கிலோமீட்டரை உங்கள் வண்டி மீட்டரை வைத்துக் கணக்குப் போடுவதில்லை. கம்பெனி தரும் டேபில் பதிவாகும் சென்டருக்கும் சென்டருக்கும் இடையிலான தூரத்தை மட்டும் எடுப்பார்கள். தவணை கட்டாத அம்மாவைப் பார்க்க மத்தியானம் திரும்பப் போனது, கடன் தேறாத நாலு வீட்டைப் பார்க்கப் போனது, பேங்கில் பணம் கட்டப் போனது, இதெல்லாம் அதில் வராமல் போகலாம். 1,125 ஓடினால் 900-க்குத்தான் பணம் வரும் என்று வையுங்கள், 2,700. கைநஷ்டம் 550.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். இன்சென்டிவ் ஒரு பைசா இல்லாவிட்டால் அம்பாசமுத்திரத்தில் 15,250 நிற்கும், வள்ளியூரில் 9,300 நிற்கும். ஜவுளிக்கடையில் வாங்குவதைவிடக் குறைவு. வள்ளியூரில் மாதாமாதம் ஏறக்குறைய 6,000 ரூபாய் இன்சென்டிவ் எடுத்தால்தான் அம்பாசமுத்திரத்தின் வெறும் ஃபிக்ஸடுக்குச் சமமாக வருவீர்கள். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டுங்கள். நான் போட்டிருக்கும் கிலோமீட்டர் உத்தேசம்தான். கிளையில் வேலை பார்க்கும் பையன்களிடம், “ஒரு வாரத்தில் எத்தனை முறை ஃபுல் டேங்க் போடுறீங்க?” என்று கேட்டு அதை மாற்றிக்கொள்ளுங்கள். கிலோமீட்டர் எவ்வளவு என்று கேட்டால் குத்துமதிப்பாகச் சொல்வார்கள். டேங்க் கணக்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்.

சரி, அந்த 6,000 வருமா? இங்கேதான் லைன் வருகிறது.

இன்சென்டிவ் திட்டங்களில் பொதுவாக ஒரு கேட் இருக்கும். வசூல் இத்தனை சதவீதத்தைத் தொட்டால்தான் மற்ற கணக்கெல்லாம் தொடங்கும். தொடாவிட்டால், நீங்கள் எத்தனை புதுக் கடன் கொடுத்திருந்தாலும் பூஜ்யம். கேட் 98 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் லைனில் 420 பேர், ஒவ்வொருவருக்கும் மாதத் தவணை ஏறக்குறைய ஒரே அளவு. 98 சதவீதம் என்றால் எட்டுப் பேர் வரை கட்டாமல் போகலாம், ஒன்பதாவது ஆள் தவறினால் கேட் மூடிவிடும். இப்போது முந்தைய ஆபீசர் விட்டுப்போன லைனில் 30 பேர் பல மாதமாகக் கட்டவில்லை, சிலர் ஊரிலேயே இல்லை என்று வையுங்கள். மீதி 390 பேரிடமும் ஒரு தவணை பிசகாமல் வசூலித்தாலும் உங்கள் வசூல் 93 சதவீதத்தைத் தாண்டாது. 12,000 ரூபாய் இன்சென்டிவ் என்ற பேச்சு, நீங்கள் சேர்வதற்கு முன்னாலேயே முடிந்துபோன பேச்சு.

ஆனால் எல்லாக் கம்பெனியும் இப்படிக் கணக்குப் போடுவதில்லை. சில இடங்களில் கேட்டுக்கு அந்த மாதம் சரியாக நடக்கும் கணக்குகளில் வர வேண்டிய தவணையை மட்டும் எடுப்பார்கள். தவணை தவறிய பழைய கணக்குகளை, ஓடி என்போம், தனியாக வைத்து, அதில் வசூலித்தால் தனி இன்சென்டிவ் தருவார்கள். 90 நாளைத் தாண்டிய கணக்குகளை வேறு ஆட்களிடம் மாற்றிவிடும் கம்பெனிகளும் உண்டு. ஆகவே இன்டர்வியூவில் இன்சென்டிவ் எவ்வளவு என்று கேட்பதைவிட, “கேட் கணக்கில் பழைய ஓடி சேருமா? என் லைனில் இப்போது எத்தனை ஓடி கணக்கு இருக்கிறது?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குக் கிளை மேலாளர் டேபைத் திறந்து எண்ணைக் காட்டினால் நல்ல கிளை. “அதெல்லாம் சேர்ந்தப்புறம் பார்க்கலாம், நல்ல ஏரியாதான்” என்றால் அந்த இன்சென்டிவைப் பூஜ்யம் என்றே போட்டுக்கொள்ளுங்கள்.

புதுக் கடன் டார்கெட்டையும் இதே கண்ணால் பாருங்கள். மாதம் 25 பேருக்குக் கடன் கொடு என்பார்கள், பார்த்தால் பெரிதாகத் தெரியாது. ஆனால் கடன் கேட்கும் ஒவ்வொருவருக்கும், ஏற்கெனவே எங்கெங்கே கடன் இருக்கிறது என்று காட்டும் கிரெடிட் பீரோ ரிப்போர்ட் எடுப்பீர்கள். இத்துறையின் சுய ஒழுங்கு அமைப்பான எம்ஃபின் வைத்திருக்கும் கட்டுப்பாட்டின்படி, 2025 ஏப்ரல் முதல் ஒரு பெண்ணுக்கு மூன்று கம்பெனிகளுக்கு மேல் கடன் இருக்கக்கூடாது, மொத்தம் இரண்டு லட்சத்தையும் தாண்டக்கூடாது. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி வீட்டின் மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணைக்குப் போகக்கூடாது. இவை நல்ல கட்டுப்பாடுகள், கடன்காரப் பெண்களைக் காப்பவை. ஆனால் முக்கூடல், மேலப்பாளையம் மாதிரி பீடி சுற்றும் ஊர்களில் ஏற்கெனவே பல கம்பெனிகள் நுழைந்துவிட்டன. பத்து வீட்டு வாசலில் ஏறினால் நாலு பேர் தேறினால் அது நல்ல பகுதி. அப்படியென்றால் 25 கடனுக்கு 60 வீட்டுக்கு மேல் ஏற வேண்டும், வசூலுக்கு நடுவே, உங்கள் பெட்ரோலில். ஆகவே டார்கெட் எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், “இந்தக் கிளையில் போன மூன்று மாதத்தில் ஒரு ஆபீசர் சராசரியாக எத்தனை கடன் கொடுத்தார்?” என்றும் கேட்க வேண்டும். டார்கெட் 25, நடப்பது 11 என்றால், அந்த 12,000 யாருக்கும் கிடைக்காத தொகை.

ஃபிக்ஸடை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு நம் ஊர் மழையும் ஒரு காரணம். 2023 டிசம்பர் 17, 18-இல் வெள்ளம் வந்ததே, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாழை போனது, ஆடு மாடு போனது, வீட்டுச் சாமான் போனது. அந்தப் பெண்களிடம் அந்த மாதம் எப்படித் தவணை கேட்பது? அந்த மாதிரி நேரத்தில் கேட் தன்னாலே மூடிக்கொள்ளும், ஃபிக்ஸட் குறைவான ஆபீசர்கள்தான் முதலில் தள்ளாடுவார்கள். அப்படிப்பட்டவர் தன் சாப்பாட்டுக்காக அந்த வாசலில் நின்று கத்த வேண்டிய நிலைக்கு வருகிறார். சம்பளத் திட்டம்தான் அவரை அங்கே நிறுத்துகிறது.

இனி உங்கள் கூட்டாளிகள் சொன்ன வசூல் விஷயம். அவர்கள் சொல்வது பொய்யில்லை, ஆனால் எல்லாக் கிளைக்கும் ஒரே மாதிரி பொருந்தாது.

சாதாரணமாக நடப்பதைச் சொல்கிறேன். காலையில் ஒரு வீட்டுத் திண்ணையில் சென்டர் கூடும். 14 பேர் வர வேண்டும், 13 பேர் வந்து கட்டிவிட்டார்கள், ஒரு அம்மா வரவில்லை. நல்ல கிளையில் ஆபீசர் சென்டர் லீடரிடம் விவரம் கேட்பார், வந்த பணத்தை டேபில் ஏற்றிவிட்டு, வராததை வரவில்லை என்றே போட்டுவிட்டு அடுத்த சென்டருக்குக் கிளம்புவார். பிறகு அந்த அம்மாவுக்கு என்ன ஆனது என்று பார்ப்பார். பீடிக்கடையில் கூலி போட இரண்டு நாள் இருக்கிறது என்பதுதான் பல நேரம் காரணமாக இருக்கும். சென்டர் நாளைக் கூலி நாளுக்கு அடுத்த நாளாக மாற்றினாலே தீர்ந்துபோகும். மோசமான கிளையில், “ஃபுல் கலெக்‌ஷன் ஆகாமல் சென்டரை விட்டு எழுந்து வராதே” என்று மேலாளர் போனில் சொல்வார். மற்ற 13 பேரும் பீடித்தட்டை அப்படியே போட்டுவிட்டு வந்தவர்கள், எழுந்து போக முடியாது. ஆளுக்கு இருநூறு போட்டு அந்தத் தவணையைக் கட்டு என்று பேச்சு வரும். அடுத்த மாதம் அதே 13 பேரில் இரண்டு பேர் வர மாட்டார்கள். சென்டர் இப்படித்தான் உடையத் தொடங்கும்.

அந்த வழியும் நடக்காதபோது ஆபீசர் தன் கைக்காசைப் போட்டு அன்றைய கணக்கை மூடுவார். மாலையில் கிளை மேலாளருக்கு நிலுவை பூஜ்யம் என்று காட்ட வேண்டும் என்ற நெருக்கடி. இதுதான் இந்த வேலையின் உண்மையான ஆபத்து, தம்பி. 2,400 ரூபாய்தானே, நாளைக்கு அந்த அம்மாவிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று முதல் முறை போடுவார்கள். அந்த அம்மாவைப் பொறுத்தவரை தவணை கட்டியாகிவிட்டது, திரும்பத் தருவதற்கு அவசரமில்லை. இரண்டாவது மாதம் மூன்று பேருக்குப் போட வேண்டி வரும். சம்பளம் தீர்ந்ததும், யாராவது கடனை முன்கூட்டியே முடிக்கக் கொடுத்த பணத்தை எடுத்து இன்னொருவர் தவணையாக ஏற்றுவார்கள், அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்று. ஆடிட் வரும்போது அதற்குப் பெயர் கையாடல். நல்ல பையன்கள், ஒரு ரூபாய் தனக்கென்று எடுக்காதவர்கள், இப்படி மாட்டி வேலையை இழந்ததைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு வேறு கம்பெனியிலும் சேர முடியாது. வேலையை விட்டவர்கள் எதற்காக விட்டார்கள் என்ற விவரத்தைக் கம்பெனிகள் தங்களுக்குள் பார்த்துக்கொள்ளும் பதிவு இந்தத் துறையில் உண்டு. எங்கே சேர்ந்தாலும் இரண்டு விஷயத்தில் உறுதியாக இருங்கள்: யாருக்காகவும் கைக்காசு போடாதீர்கள், தவணைப் பணத்தை உங்கள் சொந்த ஜிபேயில் வாங்காதீர்கள்.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, தவணையை இரு தரப்பும் ஒத்துக்கொண்ட பொது இடத்தில்தான் வாங்க வேண்டும். அந்த இடத்துக்கு ஒருவர் தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ வராவிட்டால்தான் வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ போகலாம். காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பிறகும் கடன்காரரைக் கூப்பிட்டுக் கேட்கக்கூடாது. மிரட்டுவது, கெட்ட வார்த்தை பேசுவது, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்வது எல்லாம் தடை. ஊழியர் கடன்காரர்களிடம் எப்படி நடந்துகொள்கிறார் என்பதையும் அவருடைய சம்பளக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. அதை உங்கள் கம்பெனி எப்படிச் சேர்த்திருக்கிறது என்று எச்.ஆரிடம் தாராளமாகக் கேட்கலாம். 2025-இல் தமிழ்நாடு அரசும் கட்டாய வசூலைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. ராத்திரி எட்டரைக்குப் போய் வாசலில் உட்கார் என்று எந்த மேலாளரும் எழுத்தில் தர மாட்டார், போனில்தான் சொல்வார். புகார் என்று வந்தால் வாசலில் உட்கார்ந்திருந்தவர் பெயர்தான் அதில் இருக்கும்.

இதையெல்லாம் சேர்வதற்கு முன் எப்படிக் கண்டுபிடிப்பது? பல கம்பெனிகள் ஆஃபருக்கு முன்னால் ஒரு நாள், இரண்டு நாள் ஃபீல்டுக்கு அனுப்பிப் பார்க்கும். அம்பாசமுத்திரத்தில் அப்படி அனுப்பாவிட்டால் நீங்களே கேளுங்கள், நீங்கள் எடுக்கப்போகும் லைனுக்கே அனுப்பச் சொல்லுங்கள். சென்டரில் உட்கார்ந்ததும் ஒரு அம்மாவின் லோன் கார்டை வாங்கிப் பாருங்கள். தவணைக்கு நேரே ஆபீசரின் கையெழுத்து இருக்கும். பத்து தவணையில் மூன்று விதக் கையெழுத்து இருந்தால், பத்து தவணைக்குள் மூன்று ஆபீசர்கள் மாறியிருக்கிறார்கள். ஏன் என்று அந்த அம்மாவிடமே கேளுங்கள், தெளிவாகச் சொல்வார்.

அடுத்து, பணத்தை யார் கொடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். அவரவர் தவணையை அவரவர் எண்ணிக் கொடுத்தால் நல்லது. நாலு பேர்தான் வந்திருக்கிறார்கள், ஆனால் சென்டர் லீடர் மட்டும் மொத்தமாக ஒரு கட்டை எடுத்து, வராத பத்துப் பேருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார் என்றால், டேபில் அந்த சென்டர் நூறு சதவீதம் காட்டும். காட்டினாலும் அதை நம்பாதீர்கள். பல பேர் பெயரில் வாங்கிய கடனை ஒருவரே எடுத்திருக்கலாம். அவர் ஊரை விட்டுப் போகும் நாளில் 14 பேரும் ஒன்றாக ஓடியில் விழுவார்கள், அப்போது அந்த லைன் உங்கள் பெயரில் இருக்கும். நூறு சதவீத வசூல் என்று காட்டும் லைனில்கூட இதைப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.

மாலையில் கிளைக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்காருங்கள். ஆறரை, ஏழுக்குள் வண்டிகள் திரும்பிக் கணக்கு முடிந்தால் சரி. ஒன்பதரைக்கும் இரண்டு வண்டி வராமல் இருந்தால், அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. டீ குடிக்க வரும் ஆபீசரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “நேற்று வராத தவணைக்கு என்ன பண்ணீங்க?” அவர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினால் கைக்காசு போட்டிருக்கிறார் என்று அர்த்தம்.

பேப்பர் வேலையில் இரண்டே விஷயம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டுகளையோ கையெழுத்துப் போட்ட வெற்று செக்கையோ யாரிடமும் கொடுக்காதீர்கள். ஒரிஜினலைக் காட்டலாம், நகல் கொடுக்கலாம். வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொல்லும் கம்பெனியில், பிறகு வேலையை விட நினைக்கும்போது அதைத் திரும்ப வாங்கவே நீங்கள் அலைய வேண்டும். இன்னொன்று, வசூல் பணத்தோடு வரும்போது வழிப்பறியோ விபத்தோ நடந்தால் அந்தப் பணத்துக்குக் கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதா, உங்களுக்கு விபத்துக் காப்பீடு எவ்வளவு என்று ஆஃபர் லெட்டரோடு எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அம்பாசமுத்திரம் கிளையில் உங்கள் லைனின் ஓடி ஒற்றை இலக்கத்தில் இருந்து, சென்டரில் பெண்கள் தங்கள் பணத்தைத் தாங்களே எண்ணிக் கொடுத்தால் சேர்ந்துகொள்ளுங்கள். ஓடி முப்பது, நாற்பது என்று இருந்தால், இன்சென்டிவை மறந்துவிட்டு 15,000-க்கு இந்த வேலை வேண்டுமா என்று மட்டும் யோசியுங்கள். ஜவுளிக்கடைச் சம்பளத்தைவிட 3,000 ரூபாய் கூட வரும், அலைச்சலும் கூட வரும், அதை நீங்கள்தான் தீர்மானிக்க முடியும். வள்ளியூர் கம்பெனி ஃபிக்ஸடை 17,000-க்கு உயர்த்தி, பெட்ரோலைக் கிலோமீட்டர் கணக்குக்கு மாற்றிக்கொண்டால் மறுபடி எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம். ஜவுளிக்கடையில் நிற்கப்போவதில்லை என்று சொல்வது மட்டும், அந்த லைனின் ஓடி கணக்கை நீங்கள் கண்ணால் பார்த்த பிறகு இருக்கட்டும்.